ஒரு அண்டா பருத்திப்பால்: ஐந்து நிமிட ஆவணப்படத்துக்கான அமைப்புக் குறிப்பு

மதுரை விளக்குத்தூண் அருகே மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கும் அக்காவைப் பற்றி நாம் எடுக்கவிருக்கும் இப்படம் அவருடைய வாழ்க்கை வரலாறு அல்ல. நம்மிடம் இருப்பவை 300 நொடிகள் மட்டுமே. ஆகவே, இரவில் ஊறப்போடும் பருத்திக்கொட்டை மறுநாள் பாலாகி, காய்ந்து, விற்று, அண்டா காலியாகும் வரையிலான ஒரே ஒரு சுற்றை மட்டும் படத்தின் முதுகெலும்பாக வைத்துக்கொள்கிறோம். அவருடைய இளமை, குடும்பம், கடன் ஆகியவை அந்தச் சுற்றில் ஏதேனும் ஒரு வேலையோடு ஒட்டி வந்தால் சேர்ப்போம். ஒட்டாதவற்றை, எவ்வளவு உருக்கமானவையாக இருந்தாலும், விட்டுவிடுவோம். விவரிப்புக் குரலோ பின்னணி இசையோ வேண்டாம். பார்ப்பவர் அவருக்காகப் பரிதாபப்படுவதைவிட, அவருடைய கைப்பக்குவத்தையும் கணக்கையும் கண்டு வியக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நேர்காணலைப் பால் காய்ச்சி இறக்கிய பிறகு, வண்டி கிளம்புவதற்கு முன் கிடைக்கும் ஓய்வு நேரத்தில், அவர் வீட்டு அடுப்படித் திண்ணையிலேயே எடுப்போம். வண்டியருகே நின்று பேட்டி எடுத்தால் வாடிக்கையாளர் காத்திருப்பார், அக்காவின் கவனமும் சிதறும். அவருடைய வியாபார நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளவும் கூடாது. நம் கேள்விகள் படத்தில் ஒலிக்கப்போவதில்லை என்பதால், கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகப் பதில் சொல்லும்படி தொடக்கத்திலேயே அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டையில் பொருத்தும் மைக்கைச் சேலை மடிப்பில் உரசாதபடி வைத்து, பேச்சு முடிந்ததும் அந்த இடத்தின் வெற்றொலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதில்களை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது தேவைப்படும்.

கேள்விகளை எழுத்துத் தமிழில் கேட்டால் பதிலும் மேடைப் பேச்சாகிவிடும். எனவே கேட்க வேண்டிய விதத்திலேயே எழுதியிருக்கிறேன். கையில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்குவோம்: “அக்கா, கொட்டை நல்லா ஊறிருச்சுன்னு கையில எடுத்தவுடனே எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?” அடுத்து, “பச்சை வாடை போயிருச்சுன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க?”, “கருப்பட்டியை எப்பச் சேர்ப்பீங்க, முன்னாடியே போட்டா என்ன ஆகும்?” என்று கேட்போம். தொழிலைப் பற்றிப் பேசும்போது அவர் நமக்குக் கற்றுக்கொடுப்பவராகிவிடுவார். கூச்சம் தானாகக் குறையும். அதன் பிறகே பணத்துக்கு வருவோம்: “ஒரு அண்டாவுக்குக் கொட்டை, அரிசி, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய், விறகு எல்லாம் சேர்த்து என்ன செலவாகுது?” “டம்ளர் விலையைக் கடைசியா எப்ப ஏத்துனீங்க, அன்னைக்கு வாடிக்கைக்காரங்க என்ன சொன்னாங்க?” “மழை பெய்ஞ்சா மிச்சப் பாலை என்ன செய்வீங்க?” இந்தக் கடைசிக் கேள்வியை நிதானமாகக் கேட்க வேண்டும். அவர் பதிலை முடித்த பிறகும் கேமராவை நிறுத்தாமல், நாமும் பேசாமல் இருந்தால், சொல்ல நினைத்து விட்டதை அவரே சொல்லக்கூடும்.

இடம் பற்றிய கேள்வி ஒன்று அவசியம்: “இந்த இடத்துல நிக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னா என்ன செய்வீங்க?” 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டும், நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நாம் படத்தில் விளக்கப்போவதில்லை. அக்கா தம் சுருக்குப்பையிலிருந்து வியாபாரி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினால் அதுவே போதும். அட்டை இல்லை என்று அவர் சொன்னால் அந்தப் பதில் இன்னும் முக்கியமானது. அட்டையிலுள்ள எண்ணும் முகவரியும் திரையில் தெரியக்கூடாது. தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசுத் திட்டம் வழியாகக் கிடைக்கும் பி.எம். ஸ்வநிதிக் கடன் பற்றியும் கேட்கலாம். 2020-இல் அத்திட்டம் தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாய் வரை தரப்பட்டது. அதை வாங்கியிருந்தால் எதற்குச் செலவிட்டார் என்ற ஒரே பதில் போதும்.

ஒளிப்பதிவில் அண்மைக் காட்சிகளுக்கே முதலிடம். ஊறிய கொட்டையின் கருந்தோலில் ஒட்டியிருக்கும் பஞ்சு, அரைத்த மாவைத் துணியில் கட்டிப் பிழியும்போது விரலிடுக்கில் வழியும் சாம்பல் கலந்த வெண்மை, இரண்டாம் பால் பிழிந்த பின் சக்கையை மாட்டுக்கு என்று தனி வாளியில் தட்டும் ஓசை ஆகியவற்றைத் தவறவிடக்கூடாது. அரிசிமாவு சேர்ந்ததும் பால் கெட்டியாகும் வேகத்தைக் கரண்டியின் அசைவிலேயே காட்டலாம். தொடக்கத்தில் இலகுவாகச் சுழலும் கரண்டி, பிறகு தோளையும் சேர்த்து இழுக்கிறது. அந்த மாற்றத்தை வெட்டாமல் ஒரே காட்சியாக எடுக்க வேண்டும். ஆவி தெரிய வேண்டுமானால் வெளிச்சம் அண்டாவுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். தெருவிளக்கு ஒளியில் படம் மினுங்காதிருக்க, நொடிக்கு 25 சட்டகமும் ஷட்டர் 1/50-உம் வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் முகங்களை அனுமதியின்றி எடுக்க வேண்டாம். டம்ளரை நீட்டும் கைகளும் தூக்குவாளிகளும் போதும்.

படப்பிடிப்பு முடிந்ததும் நேர்காணல் முழுவதையும் எழுத்தில் பெயர்த்து, தேவையான வாக்கியங்களை மட்டும் தாளில் வரிசைப்படுத்திய பிறகே கணினியில் வெட்டத் தொடங்க வேண்டும். இறுதி வரிசை பின்வருமாறு அமையும். முதல் 25 நொடிகளில் அக்காவின் முகம் வராது. கிரைண்டர் ஓசை, பிழியும் கைகள், ஊறல் பற்றிய அவருடைய குரல் மட்டுமே. அதன் பிறகு தலைப்பு. 1.30 வரை காய்ச்சுதல்; இங்குதான் அவர் பேசும் முகத்தை முதன்முறையாகப் பார்க்கிறோம். வண்டி கிளம்பும் ஓசையை அதன் காட்சிக்கு முன்பே ஒலிக்கவிட்டு, தெருவுக்கு 20 நொடிகளில் சென்றுவிடலாம்.

1.50 முதல் 3.30 வரையிலான விற்பனைப் பகுதியே படத்தின் நடுவம். ஜவுளிக்கடை ஊழியர்கள், பை நிறையத் துணியோடு வரும் குடும்பங்கள், தூக்குவாளியோடு தினமும் வருகிறவர் என ஆள் மாற மாற, அண்டாவுக்குள் பாலின் மட்டம் இறங்குவதை ஒரே கோணத்தில் நான்கு முறை காட்ட வேண்டும். எல்லாம் விற்றுப்போகுமா என்ற எதிர்பார்ப்பு அந்த மட்டத்திலிருந்தே பிறக்கும். செலவுக் கணக்கைச் சொல்லும் குரல் இந்தப் பகுதியின்மேல் ஓடட்டும். 3.30-க்குப் பிறகு இடம், கடன், மழை பற்றிய பதில்கள்; கூட்டம் குறைந்த தெருவில், அவர் டம்ளர் கழுவும் காட்சியோடு. 4.25 முதல் 4.50 வரை அவர் சில்லறையை எண்ணி, நாளைய கொட்டைக்கான பணத்தைத் தனியே முடிந்துவைப்பது. அவர் உரக்கச் சொல்லும் தொகையே படத்தின் கடைசிச் சொல். மீதி 10 நொடிகள் பெயர்களுக்கு.

ஒலிச்சேர்க்கைக்கு முன் இந்த வரிசையை அக்காவுக்கும் அவர் மகளுக்கும் போட்டுக்காட்ட வேண்டும். வருமானம், கடன், இடம் குறித்த பேச்சில் எதை நீக்கச் சொன்னாலும் காரணம் கேட்காமல் நீக்குவோம். கடன் பகுதி போனால் விற்பனைப் பகுதியை 3.50 வரை நீட்டலாம். தொகை சொல்லும் கடைசிக் காட்சி போனால் அதே இடத்தில் ஒலியில்லாமல் பணத்தை முடிந்துவைக்கும் கைகளை வைக்கலாம். அதற்காக அந்தக் காட்சியை இரண்டு கோணங்களில் எடுத்துக்கொள்ளும்படி ஒளிப்பதிவாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.