காய்ந்த குண்டு மிளகாய்: தரச் சான்றிதழின் தமிழாக்கம்

காரைக்குடி, 14 மே 2025

உழவர் உற்பத்தியாளர் நிறுவனச் செயலாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பினாங்குக்குப் போகும் வத்தல் சரக்கின் தரச் சான்றிதழை உறுப்பினர் கூட்டத்தில் வாசிப்பதற்காகத் தமிழில் கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கங்களையும் முழுமையாகப் பெயர்த்து இணைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன்பே நீங்கள் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சான்றிதழில் சரக்கு "காம்புடன்" என்று இருக்கிறது. வங்கியின் கடன் உறுதிக் கடிதமும் அப்படியே சொல்கிறது. உங்கள் விலைப்பட்டியலில் மட்டும் "காம்பு நீக்கியது" என்று அச்சாகியிருக்கிறது. கடன் உறுதிக் கடிதங்களுக்கான பன்னாட்டு விதிகளான யுசிபி 600-இன்படி விலைப்பட்டியலில் உள்ள சரக்கு விவரம் கடன் உறுதிக் கடிதத்தோடு ஒத்திருக்க வேண்டும். மற்ற ஆவணங்கள் பொதுவாக எழுதப்பட்டிருக்கலாம், முரண்படக் கூடாது. ஆகவே திருத்த வேண்டியது விலைப்பட்டியல்தான். தமிழாக்கத்தில் நான் சான்றிதழைத்தான் பின்பற்றியிருக்கிறேன். சமரசம் எதுவும் செய்யவில்லை.

மூலத்தில் உள்ள ஏற்றுமதியாளர், கொள்முதல் செய்பவர், சோதனை நிறுவனம் ஆகியோரின் பெயர், முகவரி, முத்திரை, கொள்கலன் எண் ஆகியவை கூட்டத்துக்கான இந்தப் பிரதியில் இல்லை. சரிபார்க்க விரும்புவோர் மூலத்தைப் பார்க்கலாம்.

தரச் சான்றிதழ்
(ஆங்கில மூலத்தின் தமிழாக்கம், 2 பக்கங்கள், மூலம் வழங்கப்பட்ட நாள் 12 மே 2025)

பக்கம் 1: சரக்கு விவரம்

பொருள்: காய்ந்த சிவப்பு மிளகாய், முழுக்காய், உருண்டை வகை, காம்புடன். தாவரப் பெயர்: காப்சிகம் அன்னுவம். சுங்க வகைப்பாட்டு எண்: 0904 21. விளைந்த நாடு: இந்தியா. விளைச்சல் பருவம்: 2025.

அளவு: 480 புதிய சணல் மூட்டைகள். மூட்டை ஒன்றின் நிகர எடை 25 கிலோ. மொத்த நிகர எடை 12,000 கிலோ. மூட்டையோடு சேர்த்த எடை 12,240 கிலோ.

தொகுதிகள்: முதல் தொகுதி, மூட்டை எண் 1 முதல் 200 வரை. இரண்டாம் தொகுதி, 201 முதல் 360 வரை. மூன்றாம் தொகுதி, 361 முதல் 480 வரை.

ஏற்றும் துறைமுகம்: தூத்துக்குடி. இறக்கும் துறைமுகம்: பினாங்கு, மலேசியா.

ஆய்வு நடந்த இடமும் நாளும்: ஏற்றுமதியாளரின் கிடங்கு, காரைக்குடி, 5, 6 மே 2025. மூன்றாம் தொகுதிக்கு மறு ஆய்வு: 9 மே 2025.

பக்கம் 2: ஆய்வு முடிவுகள்

மாதிரி எடுத்த முறை: முதல் தொகுதியில் 15, இரண்டாவதில் 13, மூன்றாவதில் 11 என மொத்தம் 39 மூட்டைகள் திறக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது. எல்லா மூட்டைகளும் வெளிப்புறமாகப் பார்வையிடப்பட்டன.

| சோதனை | ஒப்பந்த உச்ச அளவு | தொகுதி 1 | தொகுதி 2 | தொகுதி 3 |
|---|---|---|---|---|
| ஈரப்பதம் (டொலுவீன் வடித்தல் முறை), % | 11.0 | 10.2 | 10.6 | 11.4, மறு ஆய்வில் 10.5 |
| மண், தூசு, பிற அயற்பொருள், % | 1.0 | 0.6 | 0.7 | 0.9 |
| உடைந்த காயும் உதிர்ந்த விதையும், % | 5.0 | 2.8 | 3.1 | 4.4 |
| நிறம் வெளுத்த காய், % | 3.0 | 1.4 | 1.9 | 2.8 |
| பூச்சி துளைத்த காய், % | 1.0 | 0.3 | 0.4 | 0.5 |
| காம்பு உதிர்ந்த காய், % | வரையறை இல்லை | 3.2 | 2.6 | 3.9 |

உயிருள்ள பூச்சி: பார்வையிட்ட மாதிரிகளில் காணப்படவில்லை.

அஃப்லாடாக்சின்: பி1 வகை, கிலோவுக்கு 1.8 மைக்ரோகிராம் (ஒப்பந்த உச்சம் 5). மொத்தம், கிலோவுக்கு 2.3 மைக்ரோகிராம் (ஒப்பந்த உச்சம் 10). சூடான் சாயம் 1 முதல் 4 வரை: கண்டறியப்படவில்லை, முறையின் அறியும் எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். இவ்விரு சோதனைகளும் 6 மே 2025 அன்று மூன்று தொகுதிகளின் மாதிரிகளையும் கலந்து பெற்ற ஒரே கூட்டு மாதிரியில் செய்யப்பட்டன.

குறிப்புரை: மூன்றாம் தொகுதியில் 402, 403, 404, 417, 418, 419 ஆகிய எண்களுள்ள 6 மூட்டைகளில் ஈரக்கறையும் பூஞ்சணமும் காணப்பட்டதால் அவை விலக்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாக முதல் தொகுதியின் மீதிச் சரக்கிலிருந்து 6 மூட்டைகள் அதே எண்களுடன் "அ" என்ற குறி இட்டுச் சேர்க்கப்பட்டன. மூன்றாம் தொகுதியின் மற்ற 114 மூட்டைகள் களத்தில் மறுபடி உலர்த்தப்பட்டு, எடைக் குறைவு அதே தொகுதியின் மீதிச் சரக்கால் ஈடு செய்யப்பட்டு, மூட்டைக்கு 25 கிலோவாக மீண்டும் கட்டப்பட்டன. மறு ஆய்வில் ஈரப்பதம் மட்டுமே சோதிக்கப்பட்டது.

முடிவு: மேற்கண்ட மாற்றங்களுக்குப் பின், சோதிக்கப்பட்ட கூறுகளில் சரக்கு ஒப்பந்த அளவுகளுக்கு உட்பட்டிருக்கிறது. இச்சான்றிதழ் ஆய்வு நாளன்று இருந்த நிலையை மட்டுமே குறிக்கும். இது தாவர நலச் சான்றிதழுக்கு மாற்றாகாது.

(தமிழாக்கம் முடிந்தது)

மொழிபெயர்ப்பாளர் குறிப்புகள்

மூன்றாம் தொகுதியின் ஈரப்பதக் கட்டத்தில் இரண்டு எண்களையும் விட்டுவைத்திருக்கிறேன். கூட்டத்தில் 10.5 போதும் என்று யாராவது சொல்லலாம். மூலத்தில் இரண்டுமே இருக்கின்றன, 11.4 இல்லாவிட்டால் களத்தில் மறுபடி உலர்த்தியதற்குக் காரணமே தெரியாது, அந்தக் கூலியை யார் கணக்கில் எழுதுவது என்ற பேச்சும் அந்தரத்தில் நிற்கும்.

இன்னொன்று, தொகைப் பட்டுவாடாவைத் தொடுவது. பக்கம் 1 மூட்டை எண்களின்படி மூன்றாம் தொகுதி 120 மூட்டை. குறிப்புரையைப் படித்தால் அந்தத் தொகுதியில் சரக்கு கொடுத்தவர்களுடையது 114 மூட்டை, அதாவது 2,850 கிலோ. முதல் தொகுதிக்காரர்களுடையது 206 மூட்டை, 5,150 கிலோ. இரண்டாவது 160 மூட்டை, 4,000 கிலோ. கூட்டினால் அதே 12,000தான். உலர்த்தலின்போது ஈடு செய்த மீதிச் சரக்கு மூன்றாம் தொகுதிக்காரர்களுடையதே என்பதால் அதையும் அவர்கள் கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும். அதன் எடை சான்றிதழில் இல்லை. முதல் பக்கத்தை மட்டும் படியெடுத்து ஒட்டினால் ஆறு மூட்டைப் பணம் தவறான வீட்டுக்குப் போகும். ஆகவே இரண்டு பக்கங்களையும் சேர்த்தே கொடுங்கள்.

அஃப்லாடாக்சின், சாயச் சோதனைகள் மறு உலர்த்தலுக்கு முன் எடுத்த கூட்டு மாதிரியில் செய்யப்பட்டவை. "மூன்று தொகுதியும் தனித்தனியே தேறியது" என்று மேடையில் சொல்லிவிட வேண்டாம். சான்றிதழ் அப்படிச் சொல்லவில்லை. சாயத்துக்குக் "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருப்பதை "இல்லை" என்று சுருக்கவும் வேண்டாம். 2003-இல் இந்திய மிளகாய்ப் பொருள்களில் சூடான் சாயம் ஐரோப்பாவில் பிடிபட்ட பிறகுதான் ஏற்றுமதிக்கு நறுமணப் பொருள்கள் வாரியம் கட்டாயச் சோதனை வைத்தது. எல்லையைக் குறிப்பிடாத சொல்லை அந்தத் துறையில் யாரும் ஏற்பதில்லை.

வத்தலின் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் பகுதியில் இதை முண்டு வத்தல் என்றால் எல்லாருக்கும் புரியும். செட்டிநாட்டுச் சமையற்கட்டில் எண்ணெயில் முதலில் விழுவதே இதுதான். ஆனால் "ராமநாதபுரம் முண்டு மிளகாய்" 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். மூலச் சான்றிதழ் அதைச் சொல்லவில்லை, எனவே தமிழிலும் "உருண்டை வகை" என்றே நிறுத்தியிருக்கிறேன். அடுத்த சரக்குக்கு அந்தப் பெயர் வேண்டுமென்றால், அதற்குரிய பதிவோடு முன்னதாகவே சோதனை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பில் நுழைக்க முடியாது. அதுபோல் "நிறம் வெளுத்த காய்" என்பது களத்தில் நீங்கள் சோடை என்று சொல்வதுதான். வாசிக்கும்போது அப்படிச் சொல்லலாம். எழுத்தில் மாற்ற வேண்டாம்.

காம்பு உதிர்ந்த காய் 3.9 விழுக்காடு என்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு உச்ச அளவு எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை.

உறுதிமொழி

மேற்கண்ட தமிழாக்கம் எனக்குக் காட்டப்பட்ட ஆங்கில மூலத்தின் இரு பக்கங்களோடு வரிக்கு வரி ஒப்பிடப்பட்டது. எண்கள், அலகுகள், மூட்டை எண்கள் எதுவும் மாற்றப்படவில்லை. மேலே குறிப்பிட்ட பெயர், முகவரி, முத்திரை, கொள்கலன் எண் ஆகியவை மட்டும் விடப்பட்டுள்ளன. ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே செல்லும்.

ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர்
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்