ஆம்பூர் ஷூ யூனிட்: மார்ச் மாத காஸ்ட் ஷீட்

அண்ணே, நீங்க கொடுத்த பில், கூலி நோட்டு, ஸ்டாக் கணக்கு எல்லாம் சேர்த்துப் போட்டாச்சு. மார்ச்சில் தயாரானது 2,000 ஜோடி, விற்றது 1,900.

| விவரம் | ரூபாய் |
|---|---|
| தோல், லைனிங், சோல்: ஆரம்ப இருப்பு | 1,20,000 |
| கூட்டு: கொள்முதல் | 8,60,000 |
| கூட்டு: ராணிப்பேட்டையிலிருந்து வந்த வண்டி வாடகை | 14,000 |
| கழி: இறுதி இருப்பு | 94,000 |
| பயன்படுத்திய சரக்கு | 9,00,000 |
| நேரடிக் கூலி (கட்டிங், தையல், லாஸ்டிங்) | 3,10,000 |
| இந்த டிசைனுக்கான மோல்டு வாடகை | 20,000 |
| பிரைம் காஸ்ட் | 12,30,000 |
| ஷெட் வாடகை 40,000, கரண்ட் 36,000, சூப்பர்வைசர் 28,000, மெஷின் தேய்மானம் 16,000 | 1,20,000 |
| கூட்டு: அரைகுறை வேலை, ஆரம்பம் | 45,000 |
| கழி: அரைகுறை வேலை, இறுதி | 35,000 |
| கழி: வெட்டுத் துண்டு விற்ற காசு | 10,000 |
| ஃபேக்டரி காஸ்ட் | 13,50,000 |
| ஆபீஸ் செலவு | 90,000 |
| உற்பத்திச் செலவு (ஜோடிக்கு 720) | 14,40,000 |
| கூட்டு: தயாரான ஷூ, ஆரம்பம் (100 ஜோடி) | 70,000 |
| கழி: தயாரான ஷூ, இறுதி (200 ஜோடி × 720) | 1,44,000 |
| விற்ற சரக்கின் அடக்கம் | 13,66,000 |
| கமிஷன், சென்னைக்கு லாரி (1,900 × 20) | 38,000 |
| விற்பனை அடக்கம் | 14,04,000 |
| லாபம் | 1,54,000 |
| விற்பனை (1,900 × 820) | 15,58,000 |

பேங்க் கடன் வட்டி 18,000, கோயில் நன்கொடை 2,000 ரெண்டும் எங்கே என்று தேடாதீங்க. வட்டி பணம் புரட்டின வகைச் செலவு, நன்கொடை நம்ம விருப்பம், ஷூ தைக்க ஆன செலவு இல்லை. ரெண்டும் லாப நஷ்டக் கணக்கில் வரும். கமிஷனும் லாரியும் விற்ற 1,900 ஜோடிக்கு மட்டும்தான், குடோனில் கிடக்கிற 200 ஜோடி மேல் அதை ஏற்றக்கூடாது, அதனால்தான் இறுதி இருப்பை 720-க்கே பிடித்திருக்கேன்.

இப்போ அந்த புரோக்கர் விஷயம். ஜோடி 700-க்கு மாதாமாதம் எடுக்கிறேன் என்கிறார், நீங்களும் தோலும் கூலியும் மோல்டும் சேர்த்து 615 தானே ஆகுது, 85 நிக்குமே என்று கணக்குப் போடுறீங்க. அந்த 615 வெறும் பிரைம் காஸ்ட் அண்ணே. ஷெட் வாடகை, கரண்ட், சூப்பர்வைசர் சம்பளம், ஆபீஸ் எல்லாம் ஏறினா 720, லாரியும் கமிஷனும் போனா 740. 700-க்குக் கொடுத்தால் ஜோடிக்கு 40 கைநஷ்டம், அதுக்கு மேல் வட்டி வேற. மெஷின் சும்மா நிற்கிற மாதத்தில் ஒரே ஒரு லாட் என்றால் சரி, வாடகை எப்படியும் கட்டத்தான் போறோம், யோசிக்கலாம். ஆனா வழக்கமான ஆர்டருக்கு 740-க்குக் கீழே பேச்சே வேண்டாம், 800 கேளுங்க, 780-இல் முடித்தாலும் பரவாயில்லை.

ஒரு சந்தேகம் இருக்கு. வெட்டுத் துண்டு 10,000-க்குத்தான் போயிருக்கா? 9 லட்ச ரூபாய் சரக்கு வெட்டின மாதத்துக்கு இது கம்மியா படுது, எடை போட்ட சீட்டு இருந்தா அனுப்புங்க, பார்த்துட்டு ஃபேக்டரி காஸ்டைத் திருத்திடறேன்.