திங்கள் காலை, வேலை தொடங்குமுன்

கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வாருங்கள், லேப்டாப்பை மூடுங்கள். பிளேன்டீயும் ரோல்ஸும் வருகிறது, அதுவரை நான் கதைக்கிறேன்.

வியாழக்கிழமை நடந்ததை ஒருக்கால் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஆளுக்கொரு கதை ஓடுகிறது. கடையின் பழைய சிஸ்டத்தில் வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதில் இ என்ற எழுத்து உள்ளே வெறும் கமா. இலங்கை என்பது `,yq;if`. புது சிஸ்டத்துக்கு மாற்ற நாங்கள் அந்தப் பட்டியலைக் கமாவால் பிரித்து, மேற்கோள் குறிகூடப் போடாமல் எடுத்தோம். இந்திராணி, இராசையா என்று இ-யில் தொடங்கிய அத்தனை பேருக்கும் ஒரு கட்டம் தள்ளிப்போய், நிலுவைத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் சீட்டு இலக்கம் போய் உட்கார்ந்தது. தொலைபேசி இலக்கம் முதல் கட்டம் என்பதால் அது மட்டும் தப்பியது, ஆகவே பிழையான தொகை மிகச் சரியாக அந்தந்த ஆளுக்கே எஸ்எம்எஸ்ஸில் போனது! அன்று பின்னேரம் செட்டியார் தெருக் கடை வாசலில் நின்ற சனத்தை உங்களில் இரண்டு பேர் நேரிலேயே பார்த்தீர்கள்.

நாங்கள் சோதித்தது 500 பேரை. அது எக்செலில் சேமித்த பட்டியல், மேற்கோள் குறியை எக்செலே போட்டிருந்தது. முழுப் பட்டியலையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமா என்று கன்வெர்ட்டர் எழுதிய தங்கச்சி கேட்டார். நேரமில்லை என்று சொன்னது நான். ஆகவே இனி யாரும் அவரை ஓரக்கண்ணால் பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமை கடை முதலாளியிடம் போனேன். ஏச்சு வாங்கினேன், அதை விடுங்கள். 6 மாத வேலையில் 3 மாதம் போய்விட்டது, கடை இப்போது பழைய சிஸ்டத்திலேயே ஓடுகிறது. முடிக்கும் திகதியை அவர் மாற்றவில்லை, ஆனால் மொபைல் ஆப்பை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ள ஒத்துக்கொண்டார். பதிலுக்கு, முழுப் பட்டியலையும் மூன்று தடவை ஓட்டி, மொத்த நிலுவை சதம் பிசகாமல் பழைய கணக்கோடு ஒத்துவந்தால்தான் எஸ்எம்எஸ்ஸைத் திரும்பத் திறப்போம். நியாயம்தான்.

வெள்ளி இரவு குரூப்பில் யாரோ, கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஐயோ, வேண்டாம். பாமினியில் `;` தான் மெய்யெழுத்தின் புள்ளி, அதை வைத்துப் பிரித்தால் புள்ளி உள்ள ஒரு பெயரும் மிஞ்சாது. `Tab` வைத்துப் பிரிப்போம். அந்த நேரத்தில் அப்படி யோசனை வருவது உங்கள் பிழையில்லை, இரவு 11 மணிக்குக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்தவருக்கு வேறென்ன வரும்? இந்தக் கிழமை 6 மணிக்குப் பிறகு அலுவலகத்தில் ஒருவரையும் நான் காணக்கூடாது. புதிதாக ஒரு வரி கோடிங்கும் வேண்டாம், இந்த மூன்று ஓட்டம் மட்டும்தான்.

சரி, ரோல்ஸ் வந்துவிட்டது. தங்கச்சி முதலில் எடுக்கட்டும், பிறகு எங்கிருந்து தொடங்குவது என்று அவரே சொல்லட்டும்.