கிரைண்டர் பிளக்: உதவி அரட்டைப் பதிவு

மொரிஷியஸ் நாட்டின் போர்ட் லூயியில் ஒரு வீட்டுச் சாமான் கடை. வாடிக்கையாளர் ரோஸ் ஹில்லில் இருந்து தமிழில் எழுதுகிறார், உதவியாளர் பிரெஞ்சில் பதில் சொல்கிறார். இடையில் மொழிபெயர்ப்பாளர். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவை மொழிபெயர்ப்பாளரின் குறிப்புகள், வாடிக்கையாளருக்குத் தெரியாது.

09:12 வாடிக்கையாளர்: வணக்கம். கோயம்புத்தூர் கிரைண்டர் நேத்து வந்துச்சு. பிளக் உருண்டை முள்ளு, சுவர்ல சதுர ஓட்டை. வீட்டுக்காரர் அடாப்டர் வாங்கிப் போட்டாரு. போட்டதும் பொறி பறந்துச்சு. பயமா இருக்கு.

[உதவியாளருக்கு: அவர் சொல்வது பொறி. தீ என்று எழுதவில்லை. புகை வந்ததா என்று கேட்க வேண்டும்.]

09:13 உதவியாளர்: வணக்கம் அம்மா. முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கை இப்போது தொட வேண்டாம். அணைத்ததும் 'சரி' என்று எழுதுங்கள்.

09:14 வாடிக்கையாளர்: சரி.

09:14 உதவியாளர்: நல்லது. புகையோ கருகிய வாடையோ வந்ததா?

09:15 வாடிக்கையாளர்: இல்லை. அடாப்டர் மட்டும் ஆடுது. மோட்டார் போயிருச்சா?

09:16 உதவியாளர்: மோட்டார் கெட்டிருக்கும் என்று இப்போதைக்குத் தோன்றவில்லை. இந்தியாவிலும் மொரிஷியஸிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் தான். முள்ளின் வடிவம் மட்டுமே வேறு. அடாப்டர் ஆடினால் பொறி வரும். அதை இனிப் போட வேண்டாம்.

[பிரெஞ்சு மூலத்தில் மூன்று வரி மன்னிப்பு முதலில் இருந்தது. பயந்திருப்பவருக்கு முதலில் வேண்டியது மோட்டாரைப் பற்றிய பதில். மன்னிப்பை ஒரே வரியாகக் கீழே வைத்தேன்.]

09:17 உதவியாளர்: இங்குள்ள பிளக் இல்லாமல் அனுப்பியது எங்கள் தவறு, மன்னிக்கவும். எங்கள் எலெக்ட்ரீஷியன் வந்து 13 ஆம்பியர் சதுர முள் பிளக் மாற்றித் தருவார், மோட்டாரையும் பார்ப்பார். பணம் வேண்டாம்.

09:18 வாடிக்கையாளர்: வீட்டுக்காரரே மாத்திடுவாரே?

09:19 உதவியாளர்: வேண்டாம் அம்மா. வயர் நிறங்கள் ஊருக்கு ஊர் மாறும். எர்த் வயர் இடம் மாறினால் கிரைண்டரின் உடலிலேயே மின்சாரம் பாயலாம்.

09:20 வாடிக்கையாளர்: புரியுது. எப்ப வருவாரு? அரிசி, உளுந்து ஊறப் போட்டாச்சு.

09:21 உதவியாளர்: நாளை காலை 10 மணிக்கு. இன்று புயல் எச்சரிக்கை நிலை 1. நாளை அது நிலை 3-க்கு உயர்ந்தால் அவரால் வெளியே வர முடியாது, எச்சரிக்கை விலகிய மறுநாள் வருவார். எதுவானாலும் காலை 8 மணிக்கே எழுதுவோம்.

[உதவியாளரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்த வரி அடுத்தது. ஊறிய அரிசி அவருக்குப் பெரிய கவலை, பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.]

09:22 உதவியாளர்: ஊறிய அரிசியையும் உளுந்தையும் தண்ணீர் வடித்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாளை வரை தாங்கும்.

09:23 வாடிக்கையாளர்: அப்ப சரி. அப்படியே வச்சிடறேன்.

09:23 உதவியாளர்: சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். நாளை காலை 8 மணிக்கு எழுதுகிறோம்.