ஆடிப் பண்டிகைக்கு இரண்டு நாள் விடுப்பு

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வரும் புதன், வியாழன் இரண்டு நாளும் விடுப்பு வேண்டுகிறேன்.

நீங்கள் சேலத்துக்குப் புதிது என்பதால் விவரமாக எழுதுகிறேன். ஆடி மாத மாரியம்மன் பண்டிகை எங்கள் குகைப் பகுதிக்குத் தீபாவளியைவிடப் பெரியது. என் மணிக்கட்டில் இருக்கும் மஞ்சள் கயிறு அதற்குக் கட்டிய காப்புதான். போன வருடம் மகளுக்கு அம்மை போட்டபோது அக்னிக் கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். அதைப் புதன்கிழமை நானே சுமக்க வேண்டும். வேறொருவரை அனுப்பவோ நாளைத் தள்ளவோ முடியாது. மறுநாள் வண்டி வேடிக்கை, அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடமிட்டு ஊர்வலம் வருவார்கள், ஊரே தெருவில் நிற்கும்.

வியாழக்கிழமை போக வேண்டிய நூல் மூட்டைகளைச் செவ்வாய் இரவே எண்ணிக் கட்டிவிடுகிறேன். சரக்குப் பதிவேட்டைப் பகல் ஷிப்ட் மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார், பேசிவிட்டேன். வெள்ளி காலை ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

தங்கள் பணிவுள்ள,
பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர்