ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் விசைகள்: விண்டோஸ் கணினியும் டேப்லெட்டும்

பெரம்பூர் மாலை நேரக் கணினி வகுப்பு, வயது வந்தோர் பிரிவு

திரையில் தெரிவதை அப்படியே படமாக எடுத்து வைப்பதே ஸ்கிரீன்ஷாட். மின்கட்டணம் கட்டியதும் வரும் ரசீது எண்ணையோ, ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணையோ, கணினியில் திடீரென்று தோன்றும் பிழைச் செய்தியையோ கையால் எழுதிக்கொள்ளும்போது ஓர் இலக்கம் மாறிப்போகலாம். படமாக எடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

சில விசைகள் படத்தைக் கோப்பாகச் சேமித்துவிடும். வேறு சில, படத்தைக் கிளிப்போர்டு எனப்படும் தற்காலிக நினைவில் மட்டும் வைத்திருக்கும். நீங்கள் வேறோரிடத்தில் ஒட்டும்வரை அது கண்ணுக்குத் தெரியாது, கணினியை அணைத்தால் போய்விடும். "எடுத்தேன், ஆனால் படத்தைக் காணவில்லை" என்று வகுப்பில் கேட்பவர்களில் பலர் இந்த இரண்டாம் வகை விசைகளை அழுத்தியவர்களே.

விண்டோஸ் கணினி

Windows + PrtSc: முழுத் திரையும் படமாகி, கோப்பாகச் சேமிக்கப்படும். நான்கு கட்டச் சின்னமுள்ள Windows விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு PrtSc விசையை ஒருமுறை தட்டினால், பெரும்பாலான கணினிகளில் திரை ஒரு கணம் மங்கித் தெளியும்; படம் பதிவானதற்கு அதுவே அடையாளம். Pictures கோப்புறைக்குள் Screenshots என்ற கோப்புறையில் அதைக் காணலாம். புதிதாகப் பழகுபவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

Windows + Shift + S: திரையின் ஒரு பகுதி மட்டும் வேண்டுமென்றால் இதுதான் சரி. திரை மங்கியதும், வேண்டிய பகுதியின் ஒரு மூலையில் மவுஸை அழுத்தி எதிர் மூலைவரை இழுத்து விடுங்கள். தவறான இடத்தில் தொடங்கிவிட்டால் Esc விசையைத் தட்டி மறுபடியும் முயலலாம். படம் கிளிப்போர்டுக்குச் செல்லும். அண்மைக்கால விண்டோஸ் 11 கணினிகளில் Screenshots கோப்புறையிலும் தானாகச் சேமிக்கப்படும்.

Alt + PrtSc: பல சாளரங்கள் திறந்திருந்தாலும், நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒன்று மட்டும் கிளிப்போர்டுக்குச் செல்லும்.

PrtSc மட்டும்: பழைய கணினிகளில் முழுத் திரையும் கிளிப்போர்டுக்குப் போகும். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் பெரும்பாலும் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவி திறக்கும். கணினி பழுதாகிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம்.

கிளிப்போர்டில் உள்ளதைக் கோப்பாக்க, Paint செயலியைத் திறந்து Ctrl + V அழுத்தி ஒட்டுங்கள். பிறகு Ctrl + S அழுத்திப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். ஒருவருக்கு அனுப்புவது மட்டுமே நோக்கமென்றால் இவ்வளவும் தேவையில்லை; கணினியில் திறந்துள்ள வாட்ஸ்அப் உரையாடலிலோ மின்னஞ்சலிலோ நேராக Ctrl + V அழுத்தினாலே போதும்.

சில லேப்டாப்களில் PrtSc என்ற எழுத்து வேறொரு விசையின் மேல் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். அப்படியானால் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

டேப்லெட்

ஆண்ட்ராய்டு: பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். பவர் பொத்தானில் விரல் முந்திவிட்டால் திரை அணைந்துவிடும். ஆகவே இரு விரல்களையும் முதலில் பொத்தான்களின் மேல் வைத்துக்கொண்டு பிறகு அழுத்துவது எளிது.

ஐபேட்: முன்பக்கம் வட்டமான ஹோம் பொத்தான் இருந்தால், அதையும் மேல் பொத்தானையும் சேர்த்து அழுத்தி உடனே விடுங்கள். ஹோம் பொத்தான் இல்லாதவற்றில் மேல் பொத்தானோடு ஒலிப் பொத்தான்களில் ஒன்றை அழுத்தலாம்.

விண்டோஸ் டேப்லெட்: சர்ஃபேஸ் போன்ற புதியவற்றில் பவர் பொத்தானும் ஒலி கூட்டும் பொத்தானும். ஆண்ட்ராய்டில் குறைக்கும் பொத்தான், இதில் கூட்டும் பொத்தான் என்பதைக் கவனியுங்கள்.

எடுக்கும் முன்பும் அனுப்பும் முன்பும்

வங்கிச் செயலிகள் பலவற்றில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முயன்றால் படம் கறுப்பாக வரும், அல்லது அனுமதி இல்லை என்ற செய்தி வரும். இது உங்கள் பாதுகாப்புக்காக அந்தச் செயலியே செய்துவைத்த ஏற்பாடு. ஓ.டி.பி., கடவுச்சொல், ஏ.டி.எம். கார்டு எண் தெரியும் திரையைப் படமெடுத்து, கேட்பவர் யாராக இருந்தாலும், அனுப்பாதீர்கள். பணம் கட்டிய இடத்தில் ரசீதை PDF கோப்பாகத் தரவிறக்கும் வசதி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அலுவலகத்தில் ரசீது கேட்டால் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

வியாழக்கிழமை வகுப்புக்கான பயிற்சி: சென்னையின் இன்றைய வானிலைப் பக்கத்தைத் திறந்து, முதலில் முழுத் திரையையும், பிறகு வெப்பநிலை காட்டும் பகுதியை மட்டும் படமெடுத்து, இரண்டையும் உங்கள் பெயரில் சேமித்து, பென் டிரைவில் கொண்டு வாருங்கள். டேப்லெட் மட்டும் வைத்திருப்பவர்கள் முழுத் திரைப் படத்தை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் போதும்.