உங்கள் ஜூலை மாத இன்டர்நெட் பில் 1,652 ரூபாய் வந்தது ஏன்?

வணக்கம் சார்,

மாதம் 600 ரூபாய் பிளான் என்று சொல்லிவிட்டு 1,652 ரூபாய்க்கு பில் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டிருந்தீர்கள். முதல் பில் மட்டும் இப்படித்தான் கூடுதலாக வரும். வரிசையாகப் பார்த்துவிடலாம்.

பில்லில் முதலில் இருப்பது 300 ரூபாய். ஜூன் 16-ம் தேதி இணைப்பு கொடுத்தோம். 30-ம் தேதி வரையான 15 நாளுக்கு அரை மாத வாடகை இது.

அடுத்தது 600 ரூபாய், ஜூலை மாத வாடகை. எங்களிடம் வாடகை முன்கூட்டியே வாங்குவது வழக்கம். அதனால்தான் ஒன்றரை மாதக் கணக்கு ஒரே பில்லில் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது, கேபிள் இழுத்து மோடம் பொருத்தியதற்கு 500 ரூபாய். இது ஒரு முறைதான்.

மூன்றும் சேர்த்து 1,400. இதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 252 ரூபாய். பில்லில் இது 126, 126 என்று இரண்டு இடத்தில் இருப்பதால் வரியை இரண்டு தடவை போட்டதுபோல் தெரியும். அப்படி இல்லை; மத்திய அரசுக்கு 9 சதவீதம், மாநில அரசுக்கு 9 சதவீதம் எனப் பிரித்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

இணைப்பு கொடுக்க வந்தவரிடம் 500 ரூபாயை ஏற்கெனவே கையில் கொடுத்திருந்தால் இன்னும் பணம் கட்டாதீர்கள். அவர் தந்த ரசீதைப் படம் எடுத்து இதே எண்ணுக்கு அனுப்புங்கள். வரியோடு 590 ரூபாயைக் கழித்து, 1,062 ரூபாய்க்கு புது பில் அனுப்புகிறோம். கொடுக்கவில்லை என்றால் ஜூலை 15-க்குள் 1,652 ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் வாடகை 600, வரி 108 சேர்த்து 708 ரூபாய்தான்.

பில்லிங் பிரிவு